உயிர்வாழ்வுக் கணக்கு: புற்றுநோய் ஆய்வுக் கட்டுரையை வாசிப்பது எப்படி?

புற்றுநோய் மருந்து ஒன்றைச் சோதிக்கும் ஆய்வின் முடிவுகள் வெளியாகும் நாளில், அதில் சேர்ந்த நோயாளிகளில் பலர் உயிரோடு இருப்பார்கள். அவர்கள் இன்னும் எத்தனை மாதம், எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் மருந்து ஆயுளை நீட்டுகிறதா என்ற கேள்விக்கு அன்றே விடை சொல்லியாக வேண்டும். பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருக்கும் இந்தக் காலக் கணக்கிலிருந்து நேர்மையான விடையை எடுக்கும் வழிக்குப் பெயர் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு. அதன் முடிவுகள் கட்டுரையில் பெரும்பாலும் ஒரே பத்தியில் வந்துவிடும்: இடைநிலை உயிர்வாழ்வுக் காலம், ஹசார்ட் ரேஷியோ, இடைநிலைப் பின்தொடர்வுக் காலம். இந்த மூன்று எண்களையும் சேர்த்து வாசித்தால்தான் பொருள் கிடைக்கும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் தவறான முடிவுக்குப் போய்ச் சேரலாம்.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதைப் பத்து பேரை வைத்துப் பார்க்கலாம். இந்தப் பத்து பேரும் விளக்கத்துக்காகக் கற்பித்துக்கொண்டவர்கள். சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3, 9, 11, 13 ஆகிய மாதங்களில் நான்கு பேர் இறந்துவிட்டார்கள். மற்ற ஆறு பேரும் கடைசியாகத் தகவல் கிடைத்தபோது உயிரோடு இருந்தார்கள். அந்தக் கடைசித் தகவல்கள் 5, 7, 16, 20, 26, 30 ஆகிய மாதங்களுக்கு உரியவை. இவர்களில் சிலர் ஆய்வில் தாமதமாகச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். சிலர் வேறு ஊருக்குப் போய்த் தொடர்பு விட்டுப்போனவர்களாக இருக்கலாம். இப்படி, நிகழ்வு நடக்கும் முன்பே கணக்கு நின்றுபோவதைப் புள்ளியியலாளர்கள் சென்சார் ஆவது என்பார்கள்.

பத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள், ஆகவே உயிர்வாழ்வு 60 சதவீதம் என்று சொன்னால் அது தவறு. ஐந்தாம் மாதத்தில் கணக்கு நின்றவரை, முப்பது மாதம் வாழ்ந்தவருக்குச் சமமாக வைத்துவிடுகிறது அந்தக் கணக்கு. எட்வர்ட் கேப்லானும் பால் மையரும் 1958இல் வெளியிட்ட முறை இதைச் சரிசெய்கிறது. ஒவ்வொரு மரணம் நிகழும்போதும், அந்த நேரத்தில் இன்னும் கண்காணிப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் பார்க்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் பத்து பேர் இருந்தார்கள், ஒருவர் இறந்தார்; எனவே 9/10. ஒன்பதாம் மாதத்துக்குள் இருவர் சென்சார் ஆகிவிட்டதால் மிச்சம் ஏழு பேர். ஒருவர் இறந்ததால் 6/7. அடுத்து 5/6, அதற்கடுத்து 4/5. இவற்றை வரிசையாகப் பெருக்கினால் 0.514 வருகிறது. ஆக, பதின்மூன்றாம் மாதத்துக்குப் பின் மதிப்பிடப்படும் உயிர்வாழ்வு 60 அல்ல, 51.4 சதவீதம். கட்டுரையில் படிக்கட்டுபோல் இறங்கும் வரைபடம் இந்தப் பெருக்கலின் ஓவியமே.

இந்த வளைவு 50 சதவீதத்தைத் தொடும் மாதம்தான் இடைநிலை உயிர்வாழ்வுக் காலம். மேலே சொன்ன பத்து பேரில் வளைவு 51.4இல் நின்றுவிடுகிறது, பாதியைத் தொடவில்லை. அப்போது கட்டுரையில் ‘இடைநிலை இன்னும் எட்டப்படவில்லை’ என்று எழுதுவார்கள். படிக்க நல்ல செய்திபோல் தோன்றும் தொடர் இது. ஆனால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும்: பாதிக்கு மேற்பட்டவர்கள் உண்மையிலேயே நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்பது ஒன்று, ஆய்வு அவர்களைப் போதிய காலம் பார்க்கவில்லை என்பது மற்றொன்று. எது உண்மை என்பதைப் பின்தொடர்வுக் காலம்தான் சொல்லும்.

அந்தப் பின்தொடர்வுக் காலத்தைக் கணக்கிடுவதில்தான் கட்டுரைகள் அதிகம் சறுக்குகின்றன. அதே பத்து பேரை எடுத்துக்கொள்வோம். எல்லாருடைய மாதங்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 12 மாதம். உயிரோடு இருப்பவர்களை மட்டும் எடுத்தால் 18 மாதம். மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அதில் கேப்லான்–மையர் கணக்கையே தலைகீழாக்கிப் போடுவார்கள்: கண்காணிப்பு நின்றதை நிகழ்வாகவும், மரணத்தைக் குறுக்கே வந்த தடையாகவும் எடுத்துக்கொள்வார்கள். அப்போது ஐந்தாம் மாதத்தில் 8/9, ஏழாம் மாதத்தில் 7/8, பதினாறில் 3/4, இருபதில் 2/3 என்று பெருக்கிக்கொண்டு போனால் இருபதாம் மாதத்தில் மதிப்பு பாதிக்குக் கீழே இறங்குகிறது. விடை 20 மாதம்.

ஆய்வு ஒன்று, நோயாளிகள் அதே பத்து பேர், விடைகள் மூன்று: 12, 18, 20. முதல் எண்ணில் ஒரு பெருங்குறை இருக்கிறது. சீக்கிரம் இறந்தவர்கள் அந்த எண்ணைக் கீழே இழுக்கிறார்கள். நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குப் பின்தொடர்வு குறைந்ததாகத் தெரியும். ஆய்வாளர்கள் ஒருவரையும் விடாமல் கவனித்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். இரண்டாவது எண், இறந்தவர்கள் இறக்கும்வரை கண்காணிப்பில் இருந்தார்கள் என்ற தகவலையே தூக்கி எறிந்துவிடுகிறது. மூன்றாவது முறை, மரணம் குறுக்கிடாமல் இருந்திருந்தால் இந்த நோயாளிகள் எவ்வளவு காலம் பார்க்கப்பட்டிருப்பார்கள் என்று கேட்கிறது. 1996இல் மைக்கேல் ஷெம்பரும் டெரி ஸ்மித்தும் எழுதிய சிறு கட்டுரை இந்தத் தலைகீழ் முறையைப் பரிந்துரைத்தது. இன்று பரவலாக ஏற்கப்படுவதும் இதுவே. ‘இடைநிலைப் பின்தொடர்வு 20 மாதம்’ என்று மட்டும் எழுதி, எந்த முறையில் வந்தது என்று சொல்லாமல் விட்டால் அந்த எண்ணை வைத்து எதையும் எடைபோட முடியாது.

இனி ஹசார்ட் ரேஷியோ. ஹசார்ட் என்பது இடர்வீதம்: இந்த நிமிடம்வரை உயிரோடு இருப்பவர் அடுத்த சிறு காலத்துக்குள் இறக்கும் வேகம். புது மருந்து பெற்றவர்களின் இடர்வீதத்தைப் பழைய சிகிச்சை பெற்றவர்களின் இடர்வீதத்தால் வகுத்தால் கிடைப்பது ஹசார்ட் ரேஷியோ. 1972இல் டேவிட் காக்ஸ் தந்த மாதிரியைக் கொண்டு அதைக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு மரணம் நேரும்போதும், அந்நேரம் கண்காணிப்பில் இருந்தவர்களில் இரு பிரிவினரும் எத்தனை பேர், இறந்தவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று அந்த மாதிரி பார்க்கிறது. ஆய்வு முழுவதும் நேர்ந்த மரணங்களை இப்படிப் பார்த்துத் திரட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. எண் 1 என்றால் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. 1க்குக் கீழே என்றால் புது மருந்துக்குச் சாதகம்.

கீநோட்-024 என்ற ஆய்வில் இதை நேரில் பார்க்கலாம். முன்பு சிகிச்சை பெறாத, பரவிய நிலையில் இருக்கும் நுரையீரல் புற்றுநோயாளிகளில், கட்டியின் செல்களில் பாதிக்குக் குறையாதவற்றில் பிடி-எல்1 என்ற புரதம் தென்பட்ட 305 பேர் இதில் சேர்ந்தார்கள். 154 பேருக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து. 151 பேருக்குப் பிளாட்டினம் சார்ந்த கீமோதெரபி. முதல் முடிவுகள் 2016இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தன. அப்போது முதல் பிரிவில் 44 பேரும் இரண்டாம் பிரிவில் 64 பேரும் இறந்திருந்தார்கள். ஹசார்ட் ரேஷியோ 0.60, அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.41 முதல் 0.89 வரை.

154இல் 44 என்பது சுமார் 29 சதவீதம். 151இல் 64 என்பது சுமார் 42 சதவீதம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.67 வருகிறது, 0.60 வரவில்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு எப்போது இறந்தார்கள் என்பதையும் ஹசார்ட் ரேஷியோ கணக்கில் எடுக்கிறது. வெறும் சதவீதம் எடுப்பதில்லை. 0.60 என்றால் இடர்வீதம் 40 சதவீதம் குறைகிறது என்று பொருள். அதை ‘நூற்றில் நாற்பது பேர் காப்பாற்றப்பட்டார்கள்’ என்று வாசிக்கக் கூடாது. அந்த முதல் முடிவின்படி ஆறு மாத முடிவில் உயிரோடு இருந்தவர்கள் ஒரு பிரிவில் 80.2 சதவீதம், மற்றதில் 72.4 சதவீதம், நூற்றுக்கு எட்டுப் பேர் வித்தியாசம். செய்தித்தாள்கள் ‘மரணம் 40 சதவீதம் குறைந்தது’ என்று எழுதும்போது நோயாளியின் குடும்பம் புரிந்துகொள்வது வேறு ஒன்றை. அந்த வேறுபாட்டைத் தடுக்க, விகிதத்தோடு ஆறு மாதம், ஓராண்டு போன்ற குறிப்பிட்ட காலங்களின் உயிர்வாழ்வு விகிதத்தையும் கட்டுரை தர வேண்டும்.

ஹசார்ட் ரேஷியோவுக்கு அடியில் ஒரு எடுகோள் இருக்கிறது: இரண்டு பிரிவுகளின் இடர்வீதமும் ஏறினாலும் இறங்கினாலும், அவற்றுக்கு இடையிலான விகிதம் காலம் முழுவதும் ஒன்றாகவே இருக்கும். முதல் மாதத்தில் 0.6 என்றால் நாற்பதாம் மாதத்திலும் 0.6. இந்த எடுகோள் பொருந்துகிறதா என்று கால்குலேட்டர் வைத்திருக்கும் யாரும் ஓரளவு சோதிக்கலாம். எடுகோள் சரியானால், பழைய சிகிச்சையின் உயிர்வாழ்வு விகிதத்தை ஹசார்ட் ரேஷியோவின் அடுக்குக்கு உயர்த்தினால் புது மருந்தின் உயிர்வாழ்வு விகிதம் கிடைக்க வேண்டும்.

கீநோட்-024இன் ஐந்தாண்டு முடிவில் ஹசார்ட் ரேஷியோ 0.62. ஐந்தாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் கீமோதெரபிப் பிரிவில் 16.3 சதவீதம். இவற்றைப் பொருத்திப் பார்த்தால்:

```
0.163^0.62 = 0.325
```

அதாவது 32.5 சதவீதம். பெம்ப்ரோலிசுமாப் பிரிவில் அறிவிக்கப்பட்ட உண்மையான அளவு 31.9 சதவீதம். ஐந்தாண்டு தள்ளியும் ஒற்றை எண் ஏறக்குறைய சரியாகவே பேசுகிறது. ஆகவே இந்த ஆய்வில் 0.62 என்ற சுருக்கத்தை நம்பலாம்.

இன்னோர் ஆய்வில் இதே கணக்கு உடைந்துபோகிறது. கிழக்கு ஆசிய நாடுகளில் நடந்த ஐபாஸ் ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. நுரையீரலில் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோய் கண்ட, புகைபிடிக்காத அல்லது முன்பு குறைவாகப் புகைபிடித்த 1,217 பேரில் ஒரு பிரிவுக்கு ஜெஃபிடினிப் மாத்திரையும் மற்றதற்குக் கார்போபிளாட்டின்–பாக்லிடாக்ஸல் கீமோதெரபியும் தரப்பட்டன. இங்கே அளந்தது மரணத்தை மட்டும் அல்ல. நோய் மீண்டும் முன்னேறுவது அல்லது இறப்பது, இவற்றில் எது முதலில் நேர்கிறதோ அதுவரையான காலத்தை. ஹசார்ட் ரேஷியோ 0.74, நம்பிக்கை இடைவெளி 0.65 முதல் 0.85 வரை. பார்த்தவுடன் மாத்திரைக்குத் தெளிவான வெற்றி என்று தோன்றும். ஆனால் இடைநிலைக் காலம் மாத்திரைக்கு 5.7 மாதம், கீமோதெரபிக்கு 5.8 மாதம். வித்தியாசமே இல்லை. ஓராண்டு முடிவிலோ நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 24.9 சதவீதமும் 6.7 சதவீதமும். 6.7 சதவீதத்தை 0.74 அடுக்குக்கு உயர்த்தினால் 13.5 சதவீதம்தான் வருகிறது. உண்மை அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

மூன்று எண்களும் மூன்று திசையில் நின்றால் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஐபாஸ் வரைபடத்தில் தொடக்க மாதங்களில் கீமோதெரபிக் கோடு மேலே இருக்கிறது. ஆறாம் மாதத்தை ஒட்டி இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அதன்பின் மாத்திரைக் கோடு மேலே போகிறது. இப்படி வெட்டிக்கொள்ளும் கோடுகளுக்கு நிலையான விகிதம் என்று ஒன்று கிடையாது. 0.74 என்பது ‘முதலில் தீமை, பிறகு நன்மை’ என்ற இரண்டு உண்மைகளைக் கலந்து எடுத்த சராசரி. அது எந்த மாதத்துக்கும் பொருந்தாது.

காரணமும் அதே கட்டுரையில் இருந்தது. கட்டி மாதிரியில் இஜிஎஃப்ஆர் மரபணுவைச் சோதிக்க முடிந்தவர்களில், அந்த மரபணுவில் மாற்றம் இருந்த 261 பேருக்கு ஹசார்ட் ரேஷியோ 0.48, மாற்றம் இல்லாத 176 பேருக்கு 2.85. முதல் குழுவுக்கு மாத்திரை நோயின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தது. இரண்டாம் குழுவில் கீமோதெரபியோடு ஒப்பிட்டால் நோய் முன்னேறும் வேகம் மூன்று மடங்கை நெருங்கியது. மாத்திரை எடுபடாதவர்கள் முதல் மாதங்களில் கணக்கிலிருந்து விழுந்தார்கள். பின்னால் மிஞ்சியவர்களில் எடுபட்டவர்களே அதிகம். அதனால்தான் கோடுகள் வெட்டிக்கொண்டன. 0.74ஐ மட்டும் எழுதி வரைபடத்தை விட்டிருந்தால், மாத்திரை யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்ற மிக முக்கியமான செய்தி மறைந்துபோயிருக்கும். ஆய்வாளர்கள் எடுகோளைச் சரிபார்க்க ஷோன்ஃபெல்டு எச்சங்கள் என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். எதைப் பயன்படுத்தினார்கள், என்ன கிடைத்தது என்பதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

பின்தொடர்வு நீளும்போது எந்த எண் அசைகிறது, எது நிற்கிறது என்பதற்கும் கீநோட்-024 நல்ல சான்று. 2016இன் முதல் முடிவில் இடைநிலைப் பின்தொடர்வு 11.2 மாதம், அப்போது இரு பிரிவிலும் இடைநிலை உயிர்வாழ்வு எட்டப்படவில்லை. 25.2 மாதத்தில் அது 30.0 மாதம், 14.2 மாதம் என்று அறிவிக்கப்பட்டது. 59.9 மாதத்தில் 26.3, 13.4 என்று ஆனது. ஹசார்ட் ரேஷியோவோ 0.60, 0.63, 0.62 என்று ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது.

30.0 எப்படி 26.3 ஆகக் குறைந்தது? மருந்தின் வலிமை குறைந்துவிடவில்லை. இருபத்தைந்து மாதப் பின்தொடர்வில் முப்பதாம் மாதத்தைத் தாண்டிப் பார்க்கப்பட்டவர்கள் சொற்பம். ஆய்வில் முதலில் சேர்ந்த சிலர் மட்டுமே. அந்தச் சிலரில் ஒருவர் இறந்தாலும் வளைவு பெரிய படியாக இறங்கும். வளைவு பாதியைத் தொட்ட இடம் அப்படிப்பட்ட மெலிந்த பகுதியில் விழுந்தது. காலம் போகப் போக ஆட்கள் கூடி, கோடு உறுதிப்பட்டது. இதனால்தான் வரைபடத்துக்குக் கீழே ஒவ்வொரு காலத்திலும் கண்காணிப்பில் இருப்பவர்களின் எண்ணிக்கை வரிசையாக அச்சிடப்படுகிறது. கோட்டின் வலதுமுனை மேடாக நின்றால், முதலில் கீழே உள்ள அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். நாலைந்து பேரை வைத்து நிற்கும் மேட்டை ‘நிரந்தரக் குணம்’ என்று வாசிப்பது ஆபத்து.

ஹசார்ட் ரேஷியோ நின்ற இடத்திலேயே நின்றாலும் அதன் நம்பிக்கை இடைவெளி சுருங்கியது: 0.41–0.89 என்றிருந்தது ஐந்தாண்டில் 0.48–0.81 ஆனது. அந்த இடைவெளியின் அகலத்தைத் தீர்மானிப்பது ஆய்வில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைவிட நிகழ்ந்த மரணங்களின் எண்ணிக்கையே. ஆயிரம் பேர் சேர்ந்து முப்பது பேர் மட்டும் இறந்த ஆய்வு, முந்நூறு பேர் சேர்ந்து இருநூறு பேர் இறந்த ஆய்வைவிடக் குறைவான தகவலே தரும். எனவே ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை நிகழ்வுகள் என்பதை எழுதாத கட்டுரை பாதிதான் எழுதியிருக்கிறது.

59.9 மாதம் என்ற எண்ணைப் பற்றி ஒரு குறிப்பும் தேவை. அந்த ஆய்வில் அது குலுக்கல் முறையில் பிரித்த நாளிலிருந்து தரவு நிறுத்த நாள் வரையான இடைநிலைக் காலம். இடையில் இறந்தவர்களுக்கும் தொடர்பு அறுந்தவர்களுக்கும் முழுக்காலமும் எண்ணப்படுகிறது. ஆய்வின் வயதை அது சரியாகச் சொல்கிறது. நோயாளிகளை எவ்வளவு நெருக்கமாகப் பின்தொடர்ந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. முன்பு பார்த்த மூன்று முறைகளோடு இது நான்காவது. ஒரு கட்டுரையின் 60 மாதத்தையும் மற்றொன்றின் 60 மாதத்தையும் ஒப்பிடுவதற்கு முன் இரண்டும் ஒரே வகையா என்று பார்க்க வேண்டும். இரு பிரிவுகளுக்கும் பின்தொடர்வைத் தனித்தனியாகத் தருவதும் நல்லது. ஒரு பிரிவில் மட்டும் பலர் சீக்கிரமே சென்சார் ஆகியிருந்தால், பக்க விளைவு தாளாமல் அவர்கள் விலகினார்களா, உடல் மோசமானதால் வருவதை நிறுத்தினார்களா என்ற கேள்வி எழும். கேப்லான்–மையர் முறையும் காக்ஸ் மாதிரியும், சென்சார் ஆனவர்களின் நிலை மற்றவர்களைப் போன்றதே என்று எடுத்துக்கொள்கின்றன. உண்மை அப்படி இல்லையென்றால் இரண்டு விடைகளும் கோணிப்போகும்.

ஒட்டுமொத்த உயிர்வாழ்வை அறிவிக்கும்போது இன்னொரு சிக்கலும் குறுக்கிடும். கீநோட்-024இல் கீமோதெரபிப் பிரிவினருக்கு நோய் முன்னேறியபின் பெம்ப்ரோலிசுமாப் பெற வழி இருந்தது; ஐந்தாண்டு முடிவில் அந்தப் பிரிவில் 66 சதவீதம் பேர் இம்மாதிரி நோயெதிர்ப்பு மருந்தைப் பின்னர் பெற்றிருந்தார்கள். ஆகவே 0.62 என்பது மருந்து பெற்றவர்களை மருந்தே பெறாதவர்களோடு ஒப்பிட்டதல்ல. முதலிலேயே பெற்றவர்களைப் பெரும்பாலும் பிறகு பெற்றவர்களோடு ஒப்பிட்டது. ஐபாஸிலும் மரபணு மாற்றம் இருந்த நோயாளிகளின் மொத்த ஆயுள் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாக, 21.6, 21.9 மாதம் என்று வந்தது. கீமோதெரபி பெற்றவர்களில் பலர் பின்னர் அதே வகை மாத்திரையைப் பெற்றிருந்தார்கள். அடுத்து என்ன சிகிச்சை, எத்தனை பேருக்கு என்பதைக் கட்டுரை சொல்லாவிட்டால் மொத்த ஆயுள் பற்றிய ஹசார்ட் ரேஷியோவைப் புரிந்துகொள்ள வழியில்லை.

இவை எல்லாவற்றையும் கொண்ட முடிவுப் பத்தி நீளமாக இருக்க வேண்டியதில்லை. கற்பனையான ஒரு ஆய்வுக்கு அது இப்படி அமையலாம்: “தரவு நிறுத்த நாளில் இடைநிலைப் பின்தொடர்வு, தலைகீழ் கேப்லான்–மையர் முறைப்படி, புது மருந்துப் பிரிவில் 31 மாதம், ஒப்பீட்டுப் பிரிவில் 30 மாதம். 200 பேரில் 96 பேரும் 200 பேரில் 121 பேரும் இறந்திருந்தனர். இடைநிலை உயிர்வாழ்வு 29 மாதம், 20 மாதம். இரண்டாண்டு உயிர்வாழ்வு 57 சதவீதம், 44 சதவீதம். ஹசார்ட் ரேஷியோ 0.68, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.52–0.89. நிலையான விகிதம் என்ற எடுகோளுக்கு எதிரான சான்று இல்லை.” நாலைந்து வாக்கியம்தான். வாசிப்பவர் 0.44ஐ 0.68 அடுக்குக்கு உயர்த்தி 0.572 வருவதைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

எடுகோள் உடைந்திருந்தால் கடைசி வாக்கியம் மாறும். அப்போது ஹசார்ட் ரேஷியோவோடு, வரையறுத்த காலத்துக்குள் சராசரியாக வாழ்ந்த மாதங்களையும் இரு பிரிவுக்கும் தர வேண்டும். வளைவுக்குக் கீழே உள்ள பரப்பளவே அந்தச் சராசரி. ‘முதல் 36 மாதத்தில் ஒருவர் சராசரியாக 24 மாதம் வாழ்ந்தார், மற்றதில் 20 மாதம்’ என்று நோயாளிக்கும் புரியும் மொழியில் அதைச் சொல்ல முடியும். ஆனால் 36 என்ற எல்லையை முடிவைப் பார்த்தபின் தேர்ந்தெடுத்தால், சாதகமான இடத்தில் கோட்டை வெட்டிக்கொள்ள இடம் கிடைத்துவிடும். ஆகவே அந்த எல்லை, ஆய்வு தொடங்கும் முன் எழுதிய திட்டத்திலேயே இருக்க வேண்டும். அது அங்கே இருந்ததா என்பதையும் கட்டுரை சொல்ல வேண்டும்.